வலையேறும் முன் அறுநூறு தலைப்புகள்

பட்டுச் சேலை வாங்கக் கடைக்குப் போனால், விற்பனையாளர் பாயில் விரித்துக் காட்டுவார். துணியைத் தொட்டுப் பார்க்கலாம், முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், ஜரிகை என்ன தரம் என்று கேட்கலாம். இணையத்தில் வாங்குபவருக்கு இவற்றுக்கெல்லாம் பதிலாகக் கிடைப்பது ஒரு படமும் ஒரு வரித் தலைப்பும்தான். தேடலில் நாற்பது சேலைகள் வரிசையாக வந்து நிற்கும்போது, எதைத் தொட்டுத் திறப்பது என்று அவர் அந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்கிறார்.

தீபாவளிக்கு முன் ஒரு நடுத்தரப் பட்டுக்கடை அறுநூறு சேலைகளை இணையத்தில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு சேலைக்கும் தலைப்பு வேண்டும். இரண்டு மூன்று பேர் ஒரு வாரம் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து, கணினியில் ஒரு அட்டவணைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் அப்படியே வலையேறினால் என்ன ஆகும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நூறு தலைப்புகள் ஒன்றுபோலவே இருக்கும். ஐம்பதில் இல்லாத சிறப்பு ஒன்று எழுதப்பட்டிருக்கும். இன்னும் சில பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். அதனால்தான் ஏற்றுவதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கிறார்.

சரிபார்ப்பவர்களில் பலர் இவை மூன்றும் தனித்தனிக் குறைகள் என்று நினைத்து, எண்ணுவதற்கு எளிதான நீளத்தில் தொடங்குகிறார்கள். எனக்கு அது தவறான தொடக்கமாகப் படுகிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று பெற்றுப் போடுபவை. ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, மாற்றி எழுது’ என்று திருப்பி அனுப்பினால், எழுதுபவர் வேறுபாட்டுக்காக இல்லாத ஒன்றைச் சேர்ப்பார். ‘நீளமாக இருக்கிறது, குறை’ என்றால், அவர் வெட்டுகிற சொல்லே உண்மையைக் காத்து நின்ற சொல்லாக இருந்துவிடும். ஆகவே முதலில் உண்மை, பிறகு ஒற்றுமை, பிறகு நீளம், கடைசியில் மாற்றப்பட்ட தலைப்புகளுக்கு மட்டும் மறுபடியும் உண்மை. இதுவே சரியான வரிசை.

உண்மையைப் பார்க்க, ஒப்பிடுவதற்கு ஒரு மூலம் வேண்டும். அது படம் அல்ல. நெசவாளரிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ சேலை வாங்கியபோது கடையில் பதிவான விவரம்தான் மூலம். அட்டவணையில் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு வரி. முதல் பத்தியில் சேலையின் எண், இரண்டாவதில் எழுதப்பட்ட தலைப்பு. அதற்கடுத்து நெய்த ஊர், தறி, நூல், ஜரிகை, நிறம், புட்டா என்று மூல விவரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. இந்தப் பத்திகள் இல்லாமல் தலைப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பவர் எழுத்துப் பிழையைத்தான் திருத்த முடியும்.

இனி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். சேலை எண் AR-214. எழுதி வந்த தலைப்பு இது: ‘அசல் தங்க ஜரிகை காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டுச் சேலை – மணப்பெண் அரக்கு, மயில் புட்டா’. படிக்க நன்றாக இருக்கிறது. மூலப் பத்திகளில் இருப்பதோ, ஊர் ஆரணி, தறி கைத்தறி, நூல் பட்டு, ஜரிகை ஆஃப் ஃபைன், நிறம் அரக்கு, புட்டா அன்னம். தலைப்பில் இருக்கும் செய்திகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் கைத்தறி சரி, பட்டு சரி, அரக்கு சரி. தங்க ஜரிகை, காஞ்சிபுரம், மயில் ஆகிய மூன்றும் தவறு. மணப்பெண் என்பதற்கு மூலமே கிடையாது.

எழுதியவர் ஏமாற்ற நினைத்து இப்படி எழுதவில்லை. படத்தில் கரை பொன்னிறமாக மின்னியது, தங்கம் என்று எழுதினார். அகலக் கரையும் கனத்த முந்தானையும் பார்த்ததும் காஞ்சிபுரம் என்று தோன்றியது. சிறிய புட்டாவில் அன்னத்துக்கும் மயிலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால் இந்த மூன்று பிழைகளின் கனமும் ஒன்றல்ல. அன்னத்தை மயில் என்று எழுதினால், வந்த சேலையைப் பார்த்து அவர் சற்று ஏமாறுவார். ஜரிகையையும் ஊரையும் மாற்றி எழுதினால், அவர் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு இல்லாத பொருளுக்குப் போகிறது.

ஜரிகையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக இழுத்த வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அதற்குக் கீழ்த் தரங்களில் வெள்ளியின் இடத்தைப் பெரும்பாலும் செம்பு எடுத்துக்கொள்ளும். இன்னும் கீழே போனால் உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் இழைதான். படத்தில் எல்லாம் ஒரே பொன்னிறம். ஆகவே ஜரிகைத் தரத்தைப் படத்தைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால், அது தற்செயலாகச் சரியாக இருந்தாலும் ஆதாரமில்லாத சொல்தான்.

முத்திரைகளில் நடக்கும் குழப்பம் இதைவிடப் பெரிது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்த சில்க் மார்க், சேலையில் இருப்பது தூய பட்டு என்பதற்கு மட்டும் சான்று. அது கைத்தறியா விசைத்தறியா, எந்த ஊரில் நெய்தது, ஜரிகை என்ன என்று அந்த முத்திரை சொல்வதில்லை. 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் கைத்தறியில் நெய்தது என்பதற்குச் சான்று. புவிசார் குறியீடு ஊரோடு சேர்ந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு அது உண்டு, ஆரணிப் பட்டுக்கும் தனியே உண்டு. தலைப்பு எழுதுபவர் சேலையில் சில்க் மார்க் சீட்டு தொங்குவதைப் பார்த்து, ‘சான்று பெற்ற காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு’ என்று எழுதிவிடுகிறார். சீட்டு சொன்னது பட்டு என்ற ஒன்றைத்தான். ஊரும் தறியும் அவர் சேர்த்தவை. சரிபார்ப்பவர் ஒரு முத்திரைக்கு ஒரு செய்தி என்று மனத்தில் நிறுத்திக்கொண்டால் இப்படிப்பட்ட தலைப்புகள் உடனே கண்ணில் படும்.

அறுநூறு வரியையும் இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டுமா? வேண்டாம். பணமதிப்பை மாற்றும் சொற்கள் சிலவே: கைத்தறி, காஞ்சி, அசல், தங்கம், வெள்ளி, தூய, கோர்வை. கோர்வை என்பது உடலையும் கரையையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து நெசவிலேயே கோத்துவிடும் முறை. கூடுதல் உழைப்பும் நேரமும் கேட்பது, விலையும் அதற்கேற்ப ஏறும். இந்தச் சொற்கள் தலைப்பில் இருந்து மூலப் பத்தியில் இல்லாத வரிகளை அட்டவணையே எடுத்துக் கொடுக்கும். தலைப்பு B பத்தியிலும் தறி D பத்தியிலும் இருந்தால், காலியான ஒரு பத்தியில் இப்படி எழுதலாம்:

```
=AND(ISNUMBER(SEARCH("கைத்தறி",B2)),D2<>"கைத்தறி")
```

`TRUE` என்று வரும் ஒவ்வொரு வரியிலும் தலைப்பு கைத்தறி என்கிறது, மூலம் அப்படிச் சொல்லவில்லை. மூலப் பத்தி காலியாக இருந்தாலும் `TRUE` வரும். அது வர வேண்டியதுதான், ஏனென்றால் காலியான இடத்தில்தான் கற்பனை புகுகிறது. ஊரைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ‘காஞ்சிபுரம்’ என்று முழுச் சொல்லைத் தேடினால் ‘காஞ்சிபுரத்துப் பட்டு’ என்று எழுதிய தலைப்பு தப்பிவிடும், ‘காஞ்சிப் பட்டு’ம் தப்பிவிடும். வேற்றுமை உருபு சேரும்போது தமிழ்ச் சொல்லின் வால் மாறிவிடுவதால், மாறாத முன்பகுதியான ‘காஞ்சி’யை மட்டும் தேட வேண்டும்.

நிறம், புட்டா போன்ற மற்ற செய்திகளுக்கு மாதிரி எடுத்துப் பார்ப்பது போதும். ஆனால் மாதிரி எவ்வளவு சொல்லும் என்பதில் தெளிவு வேண்டும். குருட்டாம்போக்கில் முப்பது சேலைகளை எடுத்து, பீரோவிலிருந்து இறக்கி, தலைப்போடு ஒப்பிட்டோம், ஒரு பிழையும் இல்லை. அதனால் அறுநூறும் சரி என்று ஆகிவிடாது. புள்ளியியலில் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: மூன்றை மாதிரியின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மூன்றை முப்பதால் வகுத்தால் பத்தில் ஒன்று. அதாவது, பத்து விழுக்காடு வரை, கிட்டத்தட்ட அறுபது தலைப்புகள் வரை, பிழை ஒளிந்திருக்க இன்னும் இடம் இருக்கிறது. நிறத்துக்கு இந்த அளவு போதும் என்று ஒரு கடை முடிவு செய்யலாம். கைத்தறிக்கும் ஜரிகைக்கும் போதாது. அதனால்தான் அவற்றுக்கு எல்லா வரிகளையும் பார்க்கிறோம். மாதிரியில் ஒரு பிழை அகப்பட்டால், அந்தச் சேலை வந்த கட்டு முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிழைகள் பெரும்பாலும் ஒரே கட்டிலிருந்தோ ஒரே ஆள் எழுதியவற்றிலிருந்தோ கூட்டமாகத்தான் வரும்.

உண்மை முடிந்ததும் ஒற்றுமை. முற்றிலும் ஒன்றான தலைப்புகளைக் கண்டுபிடிப்பது எளிது. `=COUNTIF(B:B,B2)` என்ற கணக்கு ஒன்றுக்கு மேல் காட்டினால் அந்தத் தலைப்பு வேறு எங்கோ இன்னொரு முறை இருக்கிறது. தமிழில் இதற்கும் ஒரு பொறி உண்டு. ‘கொடி’ என்பதில் உள்ள கொம்பும் காலும் கணினியில் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினி அவற்றை வேறு வேறு என்று எடுத்துக்கொண்டுவிடலாம். ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ எழுத்தைத் தட்டுவதும் நடக்கிறது. அதனால் கணக்கை மட்டும் நம்பாமல், தாளை அகரவரிசைப்படுத்திக் கண்ணாலும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடினமானது, அச்சு ஒன்றாகி நிறம் மட்டும் மாறும் ஒற்றுமை. ‘கண்கவர் பாரம்பரியப் பட்டுச் சேலை – பச்சை’, ‘கண்கவர் பாரம்பரியப் பட்டுச் சேலை – மஞ்சள்’ என்று நூறு வரி. `COUNTIF` இதைக் காட்டாது, ஏனென்றால் எழுத்துக்கு எழுத்து அவை ஒன்றல்ல. தலைப்புகளை வேறொரு பத்தியில் நகல் எடுத்து, அந்த நகலில் நிறப் பெயர்களையெல்லாம் ‘நிறம்’ என்ற ஒரே சொல்லாக மாற்றிவிட வேண்டும். மயில் கழுத்து, மாம்பழம், அரக்கு, எம்.எஸ். ப்ளூ எல்லாம் ‘நிறம்’ ஆகிவிடும். பிறகு அந்த நகலின் மேல் அதே கணக்கைப் போட்டால், எத்தனை தலைப்புகள் ஒரே எலும்புக்கூட்டில் நிற்கின்றன என்று தெரியும்.

தெரிந்தபின் என்ன செய்வது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். எல்லாத் தலைப்பிலும் சொற்களின் வரிசை ஒன்றாக இருப்பது குறையே அல்ல. ஊர், தறி, நூல், நிறம், புட்டா, ஜரிகை என்ற ஒழுங்கு எங்கும் ஒன்றாக இருந்தால் வாங்குபவருக்கு ஒப்பிட எளிது. குறை எது என்றால், இரண்டு சேலைகளுக்கு உண்மையில் வேறுபாடு இருந்தும் தலைப்பு அதைச் சொல்லாமல் விடுவது. ‘கண்கவர்’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்கள் எந்தச் சேலைக்கும் பொருந்தும். அவற்றை எடுத்துவிட்டு, மூலப் பத்தியிலிருந்து ருத்ராட்சக் கரை, வைர ஊசிக் கோடு, மாங்காய் முந்தானை என்று உள்ளதைப் போட்டால் வேறுபாடு தானே வந்துவிடும்.

அப்படியும் வேறுபாடு வரவில்லை என்றால், அந்தச் சேலைகளில் வேறுபாடே இல்லை என்று பொருள். ஒரே வடிவம் நான்கு நிறத்தில் நெய்யப்பட்டிருந்தால், ஒரே பக்கத்தில் நான்கு நிறத் தெரிவாகப் போட வேண்டும். அதை விட்டுவிட்டு நான்கு தலைப்புக்கு நான்கு அடைமொழி தேடச் சொன்னால், ஒன்று ‘மணப்பெண்’ ஆகும், இன்னொன்று ‘கோயில் கோபுர வடிவம்’ ஆகும். கரையில் கோபுரமே இருக்காது. முந்தைய சுற்றில் விரட்டிய கற்பனை இந்த வாசல் வழியாகத்தான் திரும்பி வருகிறது. எழுதும் தம்பிமார் கேட்பார்கள்: “அக்கா, இந்த நாலும் ஒண்ணுதானே, எப்படி வேற மாதிரி எழுதுறது?” அதற்குச் சரியான பதில், “வேற மாதிரி எழுத வேணாம் தம்பி, நாலையும் ஒண்ணாச் சேத்துடு” என்பதுதான்.

கடைசியில் நீளம். எல்லைகள் தளத்துக்குத் தளம் மாறும். ஈபே 80 குறிகள் வரை ஏற்கிறது, எட்சி 140 வரை, கூகுளின் மெர்ச்சன்ட் சென்டர் 150 வரை. ஏற்றுக்கொள்ளும் எல்லை வேறு, கண்ணில் படும் எல்லை வேறு. 150 எழுதலாம் என்ற கூகுளே, பெரும்பாலோர் முதல் 70 குறிகளையோ அதற்கும் குறைவாகவோதான் பார்ப்பார்கள் என்று விற்பவர்களுக்குச் சொல்கிறது. ஆகவே சேலையை அடையாளம் காட்டும் செய்தி முன்பாதியிலேயே வந்துவிட வேண்டும்.

தமிழ்த் தலைப்பை அளக்கும்போது கண்ணால் எண்ணக் கூடாது. நாம் ‘பட்டு’ என்பதை மூன்று எழுத்தாக எண்ணுவோம். கணினிக்கு அது ஐந்து: ப, ட, புள்ளி, ட, உகரக் குறி. ‘காஞ்சிபுரம்’ நமக்கு ஆறு, கணினிக்குப் பதினொன்று. திருத்திய AR-214-ஐ எடுத்துக்கொள்வோம்: ‘ஆரணி கைத்தறிப் பட்டுச் சேலை – அரக்கு, அன்னப் புட்டா, ஆஃப் ஃபைன் ஜரிகை’. இடைவெளிகளையும் குறிகளையும் சேர்த்து எண்ணினால் நமக்கு 47. அட்டவணையில் போட்டால் 69. எழுபதுக்குள் எழுதச் சொல்லியிருந்தால் இது மயிரிழையில் தப்பித்தது. கண்ணால் எண்ணியவர் இன்னும் இருபது எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று நினைத்திருப்பார். அளக்கும் கணக்கு இது:

```
=LEN(TRIM(B2))
```

`TRIM` முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட இடைவெளிகளையும், நடுவில் இரட்டையாக விழுந்தவற்றையும் கழித்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு தலைப்பு பார்ப்பதற்குச் சின்னதாகவும் எண்ணிக்கையில் பெரிதாகவும் இருந்தால், வேறு எங்கிருந்தோ ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குறி கூடவே வந்திருக்கலாம். அந்தத் தலைப்பைக் கையால் புதிதாகத் தட்டுவதே எளிய மருந்து. எண்ணிக்கை சரியாக இருந்தும் கைபேசியில் வெட்டுப்படலாம். தேடல் முடிவுகளில் இடம் எழுத்தின் எண்ணிக்கையால் அல்ல, அகலத்தால் அளக்கப்படுகிறது. ‘ணை’யும் ‘ஞை’யும் எடுக்கும் அகலம் ‘ர’வைவிட அதிகம். மிக நீளமான பத்துத் தலைப்புகளைக் கைபேசியில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. குட்டையானதும் தவறான நீளம்தான். ‘பட்டுச் சேலை – பச்சை’ எந்த எல்லையையும் மீறவில்லை, ஆனால் வாங்குபவருக்கு எதையும் சொல்லவில்லை.

இப்போது குறைக்கும் இடம். இங்கேதான் உண்மையான தலைப்பு பொய்யாகிறது. கோவை கோரா என்பது பட்டும் பருத்தியும் கலந்து நெய்வது. ‘கோவை கோரா பட்டு-பருத்திச் சேலை’ நீளமாக இருக்கிறதே என்று ‘பருத்தி’யை எடுத்தால் ‘கோவை கோரா பட்டுச் சேலை’ ஆகிவிடும். எண்ணிக்கை சரியாகும், சேலை தவறாகும். ‘ஆஃப் ஃபைன் ஜரிகை’யில் முன்னிரண்டு சொல் போனாலும் அதே கதை. தரத்தைத் தாழ்த்திச் சொல்லும் சொல்லே முதலில் வெட்டுப்படுகிறது, காரணம் அது அழகு சேர்ப்பதில்லை. அதனால் குறைப்பவருக்கு ஒரு கட்டளை வேண்டும்: முதலில் அடைமொழி போகட்டும், பிறகு புட்டா, பிறகு நிறத்தின் நுட்பம். நூல், தறி, ஜரிகைத் தரம் இவற்றில் கை வைக்கக் கூடாது. ஜரிகைத் தரத்துக்கு இடமே இல்லை என்றால் ஜரிகை என்ற சொல்லையே சேர்த்து எடுத்துவிட்டு, விவரப் பகுதியில் முழுதாக எழுதலாம். குறைத்த தலைப்புகள் அத்தனையும் மறுபடி மூலத்தோடு ஒப்பிடப்பட வேண்டும். அறுநூறில் அவை சிலவாகவே இருக்கும், அரை நாள் வேலை.

ஏற்றுவதற்கு முன் இன்னும் ஒன்று. சரிபார்க்கும்போது தாளைப் பலமுறை வரிசை மாற்றியிருப்போம். யாராவது தலைப்புப் பத்தியை மட்டும் தெரிவு செய்து அகரவரிசைப்படுத்தியிருந்தால், எல்லாத் தலைப்பும் இடம் மாறி வேறு சேலைக்குப் போயிருக்கும். ஒவ்வொரு தலைப்பும் தனியாகப் பார்த்தால் குறையற்றது, ஆனால் இருப்பதோ அடுத்தவர் வரியில். வரிசைப்படுத்தும்போதெல்லாம் எல்லாப் பத்திகளையும் சேர்த்தே தெரிவு செய்ய வேண்டும். முடிந்ததும் மேலிருந்தும் நடுவிலிருந்தும் கீழிருந்தும் சில எண்களை எடுத்து, சேலையையே பார்த்து உறுதி செய்ய வேண்டும். `CSV` கோப்பை `UTF-8` என்று தேர்ந்து சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடலாம். முதலில் பத்து வரிகளை மட்டும் ஏற்றிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

இந்தியாவில் 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. விசைத்தறிச் சேலைக்குக் கைத்தறி என்று தலைப்பு எழுதிய கடை பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடலாம். உண்மையாகவே கைத்தறியில் நெய்தவர் அந்த விலையோடு போட்டியிட முடியாமல் இழந்த விற்பனைக்கு யாரும் ஈடு கொடுப்பதில்லை.

கடை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பு எழுதுபவர் கையில் படத்தை மட்டும் கொடுக்காதீர்கள், மூல விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தாளில் ‘தெரியவில்லை’ என்று எழுத அவருக்கு அனுமதி கொடுங்கள். அப்படி எழுதிய வரிகளை நெசவாளரிடமோ சங்கத்திடமோ கேட்டு நிரப்பிய பிறகு ஏற்றுங்கள்.